சாம்பல் மண் சரிவில் வழிந்தோடிய தண்ணீர்: நாசில் அளவும் இடைவெளியும் மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் வடகரையில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு காய்கறித் தோட்டம் இது. 1860க்குப் பிறகு கரும்பு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று பல தலைமுறையாக இங்கே விவசாயம் செய்கிறது. நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் எழுபதை நெருங்கும் பெரியவர். மகன் பம்பையும் குழாய்களையும் கவனிக்கிறார். மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை பெய்யும். அதற்கு முந்தைய வறண்ட மாதங்களில் ஒரு சிறிய அணையிலிருந்து தண்ணீர் இறைத்துத் தெளிப்பான்களால் பாய்ச்சுகிறார்கள்.

தோட்டத்தில் இரண்டு வகை மண். கடல் பக்கத்து மேட்டில் சிவப்பு மணல். டர்பனைச் சுற்றி உள்ளவர்கள் பெரியா மணல் என்று சொல்லும் அதே மண். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குடித்துவிடும். உள்பக்கச் சரிவில் இருப்பது சாம்பல் நிற மண். மேலே மெல்லிய வண்டல், ஒரு சாணுக்குக் கீழே கெட்டிக் களிமண். சரிவு நூற்றுக்கு ஆறு இருக்கும். 2022 ஏப்ரல் பெருமழையில் இந்தச் சரிவின் மேல்மண் கணிசமாகக் கரைந்து போனது, அதனால் களிமண் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

பல வருடங்களாகத் தெளிப்பான்கள் சிவப்பு மணலில் மட்டுமே ஓடின. 2023இல் சாம்பல் மண் சரிவிலும் பீன்ஸும் முட்டைக்கோஸும் வைக்க முடிவு செய்து, அதே தெளிப்பான்களை அப்படியே அங்கே நகர்த்தினார்கள். 5 மிமீ நாசில் போட்ட பித்தளைத் தெளிப்பான்கள், 50 மிமீ அலுமினியப் பக்கக் குழாயில் 12 மீட்டருக்கு ஒன்று, குழாய்க்கும் குழாய்க்கும் 12 மீட்டர். ஒரு குழாயில் 12 தெளிப்பான்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்த்துவது வழக்கம்.

என்ன தெரிந்தது

பாசன ஆலோசனைக்கு எங்களைக் கூப்பிட்டபோது சொன்ன குறை, தண்ணீர் பற்றவில்லை என்பதுதான். சரிவின் மேல் பகுதியில் பீன்ஸ் வாடுகிறது, கீழே முட்டைக்கோஸ் வேர் அழுகுகிறது. பெரியவர் ஏற்கனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "தம்பி, ரெண்டு மணி நேரம் போதல. மூணு மணி நேரம் விடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அன்று தெளிப்பான்களை ஓடவிட்டுச் சரிவில் நின்று பார்த்தோம். முதல் இருபது நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் பாத்திகளின் நடுவே மண் மின்ன ஆரம்பித்தது. தெளிப்பான் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அந்த மினுமினுப்பு மறையவில்லை. அரை மணி நேரத்தில் சின்னச் சின்னக் குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கலங்கிய தண்ணீர் சால் வழியாகக் கீழே இறங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் வேலியோரம் கணுக்கால் அளவு நின்றது.

மறுநாள் குழி வெட்டிப் பார்த்தோம். மேல் சரிவில் ஈரம் 12 செ.மீ. வரைதான் போயிருந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி பட்டால் தூசி. வேலியோரத்தில் 40 செ.மீ. தாண்டியும் சேறு. ஆக, வாடுவதும் அழுகுவதும் இரண்டு தனித்தனி நோய்கள் இல்லை. மேலே விழுந்த தண்ணீர் மேலே இறங்காமல் கீழே போய் நிற்கிறது, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் விட்டால் வேலியோரத்துக்கு மட்டும் இன்னும் ஒரு மணி நேரத் தண்ணீர் கிடைக்கும்.

பீன்ஸ் விதைத்த ஒரு பாத்தியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கத்தி முனையால் மேற்பரப்பை நெம்பினால், 4 மிமீ தடிமனில் அப்பளம் போல ஒரு தகடு கழன்று வந்தது. தகட்டின் மேல்பக்கம் வழுவழுப்பு, நுண்மண் அடைத்த பூச்சு. அடிப்பக்கத்தில் பீன்ஸ் முளைகள் கழுத்து வளைந்து, சில முறிந்து, வெளியே வர வழியில்லாமல் கிடந்தன. பெரிய துளிகள் மோதி மண் கட்டிகளை உடைக்க, உடைந்த தூள் துவாரங்களை அடைத்துவிட்டது. இந்த மண்ணில் தண்ணீர் உள்ளே போகாததற்குக் கீழே உள்ள களிமண்ணைவிட இந்த மேல்தகடுதான் முதல் காரணம்.

அளந்தது

முதலில் தெளிப்பான் எவ்வளவு பொழிகிறது என்று கணக்கிட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் விழுந்தால் அது 1 மிமீ மழைக்குச் சமம். அதனால் ஒரு தெளிப்பான் மணிக்குத் தரும் லிட்டரை அதற்கு உரிய சதுர மீட்டரால் வகுத்தால் போதும். 5 மிமீ நாசில் 3 பார் அழுத்தத்தில் மணிக்குச் சுமார் 1,645 லிட்டர் தரும்.

```
1645 / (12 x 12) = 11.4 மிமீ / மணி
```

இது காகிதக் கணக்கு. வயலில் கதை கொஞ்சம் வேறு. குழாயின் முதல் தெளிப்பானில் அழுத்தம் 3 பார் இருந்தது, கடைசித் தெளிப்பானில் 2.1தான். 12 தெளிப்பான்களின் தண்ணீர் முழுவதும் ஒரு 50 மிமீ குழாயில் ஓடினால் உராய்விலேயே அவ்வளவு போய்விடும். கூடவே நாசில்கள் தேய்ந்திருந்தன. 5 மிமீ டிரில் பிட்டின் தண்டை உள்ளே விட்டுப் பார்த்தோம், லொடலொடத்தது. 5.3 மிமீ தண்டும் நுழைந்தது. அழுத்தம் குறைந்தும் அளவு பெரிதாகக் குறையாததற்கு இந்தத் தேய்மானம்தான் காரணம். கடைசிப் பகுதியில் வரிசையாக வைத்த டின்களில் மணிக்கு சராசரி 9.5 மிமீ விழுந்தது. மீதி காற்றிலும் ஆவியிலும் போயிருக்கும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர்ப் பீய்ச்சல் சரியாக உடையாது, தூரத்தில் ஒரு வளையமாகப் பெரிய துளிகளாக விழும். மேல்தகடு மிகவும் கெட்டியாக இருந்ததும் இந்தக் கடைசித் தெளிப்பான்களைச் சுற்றித்தான்.

அடுத்து மண் எவ்வளவு குடிக்கும் என்பது. மகன் எங்களுக்கு முன்பே ஒரு சோதனை செய்து வைத்திருந்தார். இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்கும் வேகத்தைப் பார்த்திருக்கிறார். மணிக்கு 20 மிமீக்கு மேல் வந்திருக்கிறது. அந்த எண்ணை நம்பினால் பழைய நாசிலில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் வளையத்தை அடித்து இறக்கும்போதே மேல்தகடு உடைந்துவிடுகிறது. நின்ற தண்ணீரின் எடை கீழே தள்ளுகிறது, வெடிப்புகளில் நேராக இறங்குகிறது, துளி மோதுவது என்பதே அங்கே கிடையாது. வாய்க்கால் பாசனத்துக்கு அந்த எண் உதவலாம். தெளிப்பானுக்கு, தெளிப்பானைக் கொண்டே அளப்பதுதான் சரி.

அதற்கு ஒரு எளிய வழி உண்டு. தனியாக ஓடும் ஒரு தெளிப்பான் தன் அருகில் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் பொழியும். ஆகவே ஒரே வட்டத்துக்குள் பல வேகத்து மழைகள் கிடைக்கின்றன. மற்ற தெளிப்பான்களை எல்லாம் அடைத்துவிட்டு, ஏற்கனவே சில முறை பாசனம் வாங்கித் தகடு கட்டியிருந்த இடத்தில் புதிய 5 மிமீ நாசில் போட்ட ஒரே தெளிப்பானை, வால்வு திருகி 3 பாரில் ஓடவிட்டோம். காலை, காற்று எழுவதற்கு முன். ஒரு மீட்டருக்கு ஒன்றாக டின்களை நேர்கோட்டில் வைத்தோம்.

இரண்டு மணி நேரம் கழித்து, பீய்ச்சல் கடந்து போனதும் குனிந்து பார்த்தோம். தெளிப்பானிலிருந்து 5 மீட்டர் வரை மண் இடைவிடாமல் மின்னியது. 6 மீட்டரில் மினுமினுப்பு தோன்றி, அடுத்த சுற்று வருவதற்குள் அடங்கியது. 7 மீட்டரில் மின்னவே இல்லை. 6 மீட்டர் டின்னில் இரண்டு மணி நேரத்தில் 9.2 மிமீ, அதாவது மணிக்கு 4.6. இந்த மண் தகடு கட்டிய நிலையில் தாங்கும் எல்லை அதுதான் என்று எடுத்துக்கொண்டோம். அன்றாடம் அங்கே விழுந்துகொண்டிருந்தது அதைப்போல இரண்டு மடங்கு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதல் இருபது நிமிடத்தில் இதே மண் 9 மிமீ வேகத்தையும் ஏற்றுக்கொண்டது. காய்ந்த மண் ஆரம்பத்தில் வேகமாகக் குடிக்கும், பிறகு வேகம் குறைந்து ஓர் அளவில் நிற்கும். அந்த ஆரம்ப வேகத்தைப் பார்த்து நாசில் வாங்கினால் இதே பள்ளத்தில்தான் விழுவோம்.

எந்த வழிகள் இருந்தன, எதைத் தேர்ந்தோம்

பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் தெளிப்பான்களை நீண்ட ஹோஸில் இழுத்து நகர்த்தும் முறை பரவலாக இருக்கிறது. 18 மீட்டருக்கு 18 மீட்டர், 4.4 மிமீ நாசில், 3.5 பார் என்பது அங்கே சாதாரணம். கணக்கிட்டால் மணிக்கு 4.2 மிமீ. எண்ணைப் பார்த்தால் நமக்கும் பொருந்தும், பெரியவருக்கும் அதுவே பிடித்திருந்தது, ஏனென்றால் தெளிப்பான்கள் குறைவாகப் போதும். அதை நாங்கள் வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணங்கள். அந்தத் தெளிப்பான் நனைக்கும் வட்டத்தின் விட்டம் 30 மீட்டருக்குள்தான். 18 மீட்டர் இடைவெளி என்றால் விட்டத்தில் அறுபது சதவீதம். இந்தக் கரையில் வசந்த காலத்தில் வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று மாறி மாறி அடிக்கும், அப்போது நடுவில் காய்ந்த திட்டுகள் விழும். ஆழமாக வேர்விட்ட கரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும், முளைவிடும் பீன்ஸ் தாங்காது. இரண்டாவது, பெரிய நாசிலின் துளிகள் பெரியவை. கரும்பு இலைகள் அவற்றைத் தாங்கிக்கொள்கின்றன. வெறும் பாத்தியில் அவை நேராக மண்ணில்தான் மோதும். மணிக்கு விழும் அளவு ஒன்றாக இருந்தாலும் மண் படும் அடி ஒன்றாக இருக்காது.

பழைய நாசிலையே வைத்துக்கொண்டு இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஊறவிட்டு, மறுபடி ஓட்டலாம் என்று மகன் சொன்னார். தானியங்கி வால்வு உள்ள இடத்தில் அது நல்ல வழி. இங்கே ஒருவர் மேலும் கீழும் நடந்து வால்வு திருக வேண்டும். மேல்தகடு பிரச்சினையும் அப்படியே இருக்கும்.

தெளிப்பான்களை இன்னும் நெருக்கி வைத்தால் என்ன என்ற கேள்வியும் வந்தது. நெருக்கினால் பரவல் சீராகும் என்பது உண்மைதான். ஆனால் அதே நாசிலோடு நெருக்கினால் பரப்பு குறைந்து மணிக்கு விழும் அளவு ஏறும். 12க்கு 12ஐ 9க்கு 12 ஆக்கினால் 11.4 என்பது 15.2 ஆகிவிடும். நாசிலைக் குறைக்காமல் இடைவெளியைக் குறைப்பது இந்த மண்ணுக்கு நேர் எதிர்.

கடைசியில் தேர்ந்தது, 12க்கு 12 இடைவெளியை விடாமல் நாசிலை மட்டும் 3.2 மிமீக்கு இறக்குவது. தண்ணீர் அளவு துளை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5லிருந்து 3.2க்கு இறங்கினால் விட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, தண்ணீரோ பாதிக்கும் கீழே, நாற்பத்தொரு சதவீதத்துக்குப் போய்விடுகிறது. 3 பாரில் மணிக்கு 674 லிட்டர். 144ஆல் வகுத்தால் 4.7 மிமீ. வழியில் பத்து சதவீதம் போனால் மண்ணைத் தொடுவது 4.2. எல்லை 4.6. டின்னில் விழுந்ததைக் கொண்டு அளந்த எல்லை என்பதால், ஒப்பிட வேண்டியதும் மண்ணைத் தொடும் அளவோடுதான். சின்ன நாசிலின் நனையும் விட்டம் 24 மீட்டரை ஒட்டி வரும், ஆக 12 மீட்டர் இடைவெளி அதில் சரிபாதி. காற்றுக்கு அது போதுமான பிடிமானம். சரிவை நினைத்து 3 மிமீ போடலாமா என்றும் யோசித்தோம், 4.1 வந்திருக்கும். அணைத் தண்ணீரில் பாசி இருந்ததால் முதல் பருவத்தில் கொஞ்சம் பெரிய துளையோடு போவது என்று முடிவு செய்தோம். பம்புக்குப் பின்னால் ஒரு வலைவடிகட்டியும் வைக்கச் சொன்னோம். வலைக்கண் நாசில் துளையில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது, இங்கே 0.8 மிமீ.

பெரியவரின் தயக்கம் நேரத்தைப் பற்றியது. இரண்டு மணி நேர வேலை ஐந்து மணி நேரம் ஆகிறதே என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் பம்பில் இருந்தது. முன்பு 12 தெளிப்பான்கள் மணிக்கு 20 கனமீட்டர் இழுத்தன. இப்போது 24 தெளிப்பான்கள் ஓடினாலும் 16தான். அதே பம்பில் இரண்டு பக்கக் குழாய்களை ஒன்றாக ஓட்டலாம். பழைய முறையில் நாளைக்கு மூன்று நகர்த்தலில் அரை ஹெக்டேருக்குச் சற்று மேல் முடியும். புதிய முறையில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டே நகர்த்தலில் முக்கால் ஹெக்டேரை நெருங்கலாம். செலவு, இன்னொரு பக்கக் குழாயும் 12 தெளிப்பான்களும். கையில் எண்களைப் பார்த்த பிறகுதான் "சரி, வாங்கிடலாம்" என்றார்.

அதன் பின்

முதல் நாளே ஒரு சிக்கல். தண்ணீர் அளவு குறைந்ததும் பம்பின் அழுத்தம் ஏறி, முதல் தெளிப்பானில் 3.6 பார் காட்டியது. பீய்ச்சல் புகையாகப் பறந்தது, காற்று அதை வேலிக்கு அப்பால் கொண்டுபோனது. அழுத்தம் குறைவது எவ்வளவு கெடுதலோ அதிகமாவதும் அப்படியே. வால்வைத் திருகி 3.1க்குக் கொண்டுவந்ததும் அடங்கியது. கடைசித் தெளிப்பானில் 2.9 இருந்தது. குழாயில் ஓடும் தண்ணீர் குறைந்ததால் உராய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. கடைசித் தெளிப்பான்களின் பெருந்துளி வளையம், அதற்காகத் தனியாக ஒன்றும் செய்யாமலே போய்விட்டது.

நான்கு தெளிப்பான்களுக்கு நடுவே மூன்று மீட்டர் கட்டங்களில் 16 டின்கள் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினோம். சராசரி 8.4 மிமீ. குறைவாக வாங்கிய நான்கு டின்களின் சராசரி 6.9. காய்கறிக்கு இந்தச் சீர்மை போதும். ஐந்து மணி நேரப் பாசனத்துக்குப் பிறகு மேல் சரிவில் குழி வெட்டியபோது ஈரம் 25 செ.மீ. வரை இறங்கியிருந்தது. வேலியோரம் தண்ணீர் நிற்கவில்லை.

எல்லா இடத்திலும் வழிவு நின்றதென்று சொல்ல முடியாது. சராசரி 4.2 என்றால் சில திட்டுகளில் 5 விழத்தான் செய்யும். அந்தத் திட்டுகளில் மூன்றாவது மணி நேரத்தில் மினுமினுப்பு வந்தது, நகரவில்லை, ஆனால் வந்தது. பக்கத்துக் கரும்பு வெட்டில் கிடைத்த காய்ந்த இலைச் சோகையை அந்த வரிசைகளில் மெல்லப் பரப்பினார்கள். விதைத்த கோட்டை மட்டும் திறந்து விட்டுவிட்டு, நடுவில் சோகை. துளி மண்ணில் நேராக மோதாததால் அங்கே மினுமினுப்பும் போனது. அடுத்து விதைத்த பீன்ஸ் தகட்டை உடைக்காமலே வெளியே வந்தது.

2023இல் மின்வெட்டு கடுமையாக இருந்த மாதங்களில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்ட முடியாத நாட்கள் வந்தன. நடுவில் இரண்டு மணி நேரம் நின்று மறுபடி ஓடியதால் பயிருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. மண்ணுக்கு அது ஓய்வு மாதிரிதான். மாலைப் பாசனம் இரவுக்குள் நீண்டது மட்டும் வேலையாட்களுக்குத் தொந்தரவாக இருந்தது.

இரண்டு மண்ணின் நாசில்களுக்கும் அடையாளம் வைக்காததால் ஒரு வாரம் குழப்பம் வந்தது. சிவப்பு மணலில் பழைய 5 மிமீ நாசில்களே தொடர்ந்தன, அங்கே அவை சரியானவை. யாரோ பழுது பார்க்கும்போது அவற்றில் இரண்டு சாம்பல் மண் குழாய்க்கு வந்துவிட்டன. அந்த இரண்டு தெளிப்பான்களின் கீழே மட்டும் தண்ணீர் ஓடியதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது சாம்பல் மண்ணில் தெளிப்பானைத் தாங்கி நிற்கும் ரைசர் குழாய்களின் கழுத்தில் நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அடுத்த முறை மாற்றுவது

இதே சரிவின் இன்னும் செங்குத்தான துண்டு ஒன்று பாக்கி இருக்கிறது. அங்கே பக்கக் குழாயைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுவதாக இருக்கிறோம், ஒரே குழாயில் மேடும் பள்ளமும் வந்தால் பத்து மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஒரு பார் அழுத்தம் மாறிவிடும். நாசில் 3 மிமீ. ஒரு பருவம் வடிகட்டி ஒழுங்காக வேலை செய்ததைப் பார்த்த பிறகு அடைப்பு பயம் குறைந்திருக்கிறது. தனித் தெளிப்பான் சோதனையைக் குழாய் வாங்குவதற்கு முன்பே செய்வோம், அதுவும் மண் கொத்திய மறுநாளில் செய்யாமல், இரண்டு மூன்று பாசனம் கண்டு தகடு கட்டிய பிறகு.

பருவத்துக்கு ஒரு முறை டிரில் பிட் தண்டால் நாசில்களைச் சோதிப்பதை மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறார். 3.2 மிமீ நாசிலில் 3.4 மிமீ தண்டு நுழைந்தால் தண்ணீர் பதின்மூன்று சதவீதம் கூடிவிட்டது என்று பொருள். மண்ணைத் தொடும் 4.2 அப்போது 4.7 ஆகும், எல்லையைத் தாண்டிவிடும். அந்த நாசில்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, சிவப்பு மணலில் இன்னும் சில வருடம் ஓடும் என்பது பெரியவரின் யோசனை. ஒரு குழாயில் எல்லாமே ஒரே மாதிரி தேய்ந்தவையாக இருந்தால் அதில் தவறில்லை. அந்த மேட்டுக்கு முழு வரிசையாக மட்டுமே மாற்றுவது என்று பேசி முடித்திருக்கிறோம்.